சிரியஸா, வியாழனா? போனை மெல்ல அசைத்துக் கண்டுபிடிக்கும் முறை

திருவொற்றியூர் கடற்கரையில் நின்று இரவு வானத்தைப் போனில் படம் எடுத்தால், சில புள்ளிகள் மட்டும் தூக்கலாகத் தெரியும். அவற்றில் எது விண்மீன், எது கோள் என்பதுதான் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் வரும் கேள்வி. விண்மீன் மினுக்கும், கோள் மினுக்காமல் நின்று ஒளிரும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் படத்தில் எதுவுமே மினுக்காது. போன் சில நொடிகளுக்கு வரும் வெளிச்சத்தை ஒரே இடத்தில் சேர்த்துக்கொண்டே போவதால், அந்த நொடிகளுக்குள் ஒளி கூடியதும் குறைந்ததும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

புள்ளியின் அளவை வைத்து முடிவு செய்பவர்களும் உண்டு. அதை நம்ப வேண்டாம். வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதுகூட அதன் வட்டம் சாதாரணப் போன் படத்தில் ஒரு பிக்சலை நிரப்பாது. படத்தில் பெரிதாகத் தெரிவது வெளிச்சம் அதிகம் என்பதைத்தான் காட்டும், கோள் என்பதை அல்ல.

மினுக்கலைப் படத்துக்குள் கொண்டுவர எளிய வழி, படம் பதிவாகும்போதே போனை மெல்ல நகர்த்துவது. புள்ளி ஒரு கோடாக நீளும். ஒவ்வொரு நொடித்துளியின் வெளிச்சமும் கோட்டில் தனித்தனி இடத்தில் விழுவதால், ஒளி ஏறி இறங்கிய கதை முழுவதும் அதில் பதிந்துவிடும்.

இடமும் நேரமும்

2026 ஜனவரி நடுப்பகுதி, இரவு 8 மணியை எடுத்துக்கொள்வோம். பழகுவதற்கு இதைவிட வசதியான வானம் கிடைப்பது அரிது. அந்த நேரத்தில் கிழக்கைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் சிரியஸ், இடப்பக்கம் வியாழன். சிரியஸ் இரவு வானத்திலேயே பிரகாசமான விண்மீன். இரண்டும் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி உயரத்தில் இருக்கும். உயரம் ஒன்றாக இருப்பது முக்கியம். கீழே இருக்கும் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் கூடுதலாக மினுக்கும். உயரம் வேறு வேறாக இருந்தால் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை.

வடசென்னைக்காரர்களுக்குக் கிழக்கே கடல் என்பதால் கட்டடம் மறைக்காது. கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் பாறைகளுக்கு அருகே, தெருவிளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். காசிமேடு பக்கம் துறைமுக விளக்குகள் அதிகம் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு மொட்டை மாடியே மேல். போகி அன்று புகை அடங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம்.

முதல் படம்: ஆட்டாமல்

போனைப் படுக்கைவாட்டில் ஒரு கல்லிலோ கைப்பிடிச் சுவரிலோ சாய்த்து வைத்து, கேமராவில் Pro மோடுக்குப் போங்கள். ஷட்டர் 4 நொடி, ISO 400, ஃபோகஸ் கைமுறையில் மலைச் சின்னம் அல்லது ∞ பக்கம். கை பட்டு அசையாமல் இருக்க 3 நொடி டைமர் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் முதலில் தேட வேண்டியது, நேர்வரிசையில் நெருக்கமாக நிற்கும் மூன்று விண்மீன்கள். அதுதான் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப்பட்டை. இந்த நேரத்தில் அது ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். அந்த வரிசையைக் கீழ்நோக்கி நீட்டினால் சற்று வலப்பக்கமாகப் போய் சிரியஸில் முடியும். பட்டைக்கு இடப்பக்கம் கொஞ்சம் செம்மையாக இருப்பது திருவாதிரை. வலப்பக்கம் நீலவெள்ளையாக இருப்பது ரைஜல். ரைஜலிலிருந்து திருவாதிரை வழியாக இடப்பக்கம் போனால் மிதுனப் பகுதி வரும். அங்கே புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்குப் பக்கத்தில், அவற்றைவிடப் பல மடங்கு பிரகாசமாக, கூடுதலாக ஒன்று இருக்கும். 2026 ஜனவரிப் பஞ்சாங்கத்தில் குரு மிதுனத்தில் என்று போட்டிருப்பது இதைத்தான்.

இருந்தாலும் இதுவரை செய்தது இடத்தை வைத்து ஊகித்ததுதான். ஒளியே சாட்சி சொல்லட்டும்.

இரண்டாவது படம்: அசைத்து

ஷட்டரை 1 நொடிக்குக் குறைத்து, ISO-வை 800 ஆக்குங்கள். பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் நைட் மோட் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கோட்டை அது திருத்திவிடும். இப்போது போனை இரண்டு கையிலும் பிடித்து, சிரியஸும் வியாழனும் சட்டத்துக்குள் இருக்கும்படி வைத்துக்கொண்டு, ஷட்டர் திறந்திருக்கும் அந்த ஒரு நொடியில் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். வேகமாக வேண்டாம். வேகம் கூடினால் வெளிச்சம் நீளமாகப் பரவிக் கோடு மங்கிவிடும். பத்துப் பதினைந்து படம் எடுத்தால் இரண்டு மூன்றாவது தேறும்.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிரியஸின் கோடு பாசிமணி கோத்தது போல விட்டு விட்டு இருக்கும். ஓர் இடத்தில் பளிச்சென்று, அடுத்து மங்கி, நடுவே நீலமும் சிவப்பும் பச்சையும் துண்டு துண்டாக. வியாழனின் கோடு ஒரே நிறத்தில், ஒரே சீராக ஓடும்.

காரணம் காற்றில் இருக்கிறது. மேலே சூடும் குளிருமான காற்றுத் துண்டுகள் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒளியைக் கொஞ்சம் வளைக்கிறது. சிரியஸ் 8.6 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால் நமக்கு அது வெறும் புள்ளி. அதன் ஒளி முழுவதும் ஒரே பாதையில் வருவதால், பாதை கலங்கினால் மொத்த வெளிச்சமும் கலங்கும். காற்று நீலத்தையும் சிவப்பையும் ஒரே அளவில் வளைப்பதில்லை என்பதால் நிறங்களும் வேறு வேறு நேரத்தில் ஏறி இறங்கும். வியாழனுக்குக் குட்டியாகவாவது ஒரு வட்டம் உண்டு. வட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்து வரும் ஒளியும் தனியாக மினுக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒன்று கூடும்போது இன்னொன்று குறைவதால், கூட்டிப் பார்த்தால் சீராகிவிடுகிறது.

எங்கே ஏமாறலாம்

சுழற்றும்போது கை ஒரு கணம் தயங்கினால் அந்த இடத்தில் கோடு தடித்துப் பிரகாசமாகும். அதை மினுக்கல் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டையும் ஒரே சட்டத்தில் எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். கையின் தயக்கம் என்றால் இரண்டு கோட்டிலும் ஏறக்குறைய அதே இடத்தில் தடிப்பு வரும். சிரியஸின் கோட்டில் மட்டும் வந்தால் அது காற்றின் வேலை.

வியாழன் சிரியஸைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பிரகாசம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. ISO அதிகமாக இருந்தால் அதன் கோடு முழுக்க வெளுத்துப்போய், ஏற்ற இறக்கம் இருந்தாலும் தெரியாது. சீராக இருக்கிறது என்று சொல்வதற்கு முன், கோட்டின் நடுப்பகுதி வெறும் வெள்ளையாக இல்லாமல் கொஞ்சம் மஞ்சள் சாயலோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ISO-வை 400, 200 என்று இறக்கி மறுபடி எடுங்கள்.

அடிவானத்தை ஒட்டித் தெரியும் கப்பல் விளக்குகளும் கரையோர விளக்குகளும் சட்டத்துக்குள் வரலாம். மின்விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குபவை. அவற்றின் கோடு சம இடைவெளியில் புள்ளி வைத்தது போல வரும், நிறமும் மாறாது. விண்மீனின் கோட்டில் அந்த ஒழுங்கு இருக்காது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 20 டிகிரி உயரத்துக்குக் கீழே போனால் கோள்களின் கோடும் உடையத் தொடங்கும், குறிப்பாக மெல்லிய பிறையாகத் தெரியும் நாட்களில் வெள்ளி. மறுபக்கம், உச்சிக்கு அருகே இருக்கும் விண்மீன் அமைதியான இரவில் கோள் போலவே சீராகக் கோடு போடும். அதே இரவு 10 மணிக்கு மறுபடி எடுத்தால் சிரியஸ் இன்னும் மேலே ஏறியிருக்கும், அதன் கோட்டில் நிறத் துண்டுகள் பெரும்பாலும் குறைந்திருக்கும். அடுத்த ஆண்டுகளில் முயல்பவர்கள், வியாழன் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு ராசி நகரும் என்பதைக் கணக்கில் வைத்து, அதே உயரத்தில் இருக்கும் ஒரு பிரகாசமான விண்மீனைத் துணைக்குத் தேர்ந்துகொள்ளுங்கள்.