கொயர் தாளில் விரியும் கோடும் எஃப்பும் புள்ளியும்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ பள்ளிக்கூடக் கொயரில் சேர்ந்ததும் பொட்டோகொப்பி அடித்த இசைத்தாள் ஒன்று கைக்கு வரும். மெட்டை மிஸ் பியானோவில் வாசிக்கக் கேட்டே பிடித்துவிடலாம். புதுப் பிள்ளை தடுமாறுவது சுரங்களைச் சுற்றியுள்ள சின்னக் குறிகளில்தான்.

தாளில் இரண்டு நெட்டுக்கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிதான் பார். பாருக்கு நான்கு தட்டாக, நான்கு பார் கொண்ட ஒரு வரியை எடுப்போம். முதல் பாரில் சாய்ந்த பீ எழுத்து, அதாவது மெல்லிய சத்தத்தில் பாடு. 2ஆம், 3ஆம் பார்களுக்கு மேலே, இடப்பக்கம் கூராகத் தொடங்கி வலப்பக்கம் விரியும் கோடு: கிரெஷெண்டோ, அதாவது சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டு. 4ஆம் பாரில் சாய்ந்த எஃப், அதாவது ஃபோர்ட்டே, உரத்துப் பாடு. அங்கே நான்கு சுரங்களின் தலையிலும் ஒவ்வொரு புள்ளி: ஸ்டக்காட்டோ.

1. பென்சிலால் இவற்றை வட்டமிடுங்கள். பாடும் வரிக்குக் கீழே சொற்கள் இருப்பதால், சத்தக் குறிகள் பெரும்பாலும் மேலேதான் இருக்கும். பியானோ வரியில் உள்ளவை உங்களுக்கல்ல.

2. கிரெஷெண்டோவைத் தனியாகப் பழகுங்கள். கோடு தொடங்கும் இடத்திலேயே சத்தத்தைக் கூட்டிவிடக் கூடாது. அங்கே நீங்கள் இன்னும் பீயில்தான் இருக்கிறீர்கள். கோட்டைக் கண்டதும் குரலைத் தூக்கினால் 3ஆம் பாரில் ஏற இடமிருக்காது. இரண்டு பாருக்கும் எட்டுத் தட்டு. ஒரே சுரத்தில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிப் பாடுங்கள். மூன்று வரை ஏறக்குறைய அப்படியே வைத்திருந்து, நான்கிலிருந்து கூட்டுங்கள். கூடவே வேகமும் ஏறப் பார்க்கும். எல்லாக் கொயருக்கும் உள்ள வியாதி இது! போனில் சீராகத் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 72 தட்டில் ஓடவிட்டால் உடனே பிடிபடும்.

3. ஃபோர்ட்டே என்றால் கத்துவதில்லை. கோடு தொடங்குமுன் வயிறு விரிய மூச்செடுத்து, வாயை நன்றாகத் திறந்து பாடுங்கள். தொண்டை இறுகினாலோ பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்காமல் போனாலோ அளவு மீறிவிட்டது.

4. ஸ்டக்காட்டோவில் சுரம் ஏறக்குறைய பாதி நேரமே ஒலிக்கும். மிச்சப் பாதி மௌனம். அடுத்த சுரம் தன் தட்டில்தான் வரவேண்டும். ‘லா’ என்ற அசையில் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு ‘லா’வுக்கும் வயிறு இலேசாகத் துள்ள வேண்டும். தொண்டையை அடைத்து வெட்டினால் ‘க்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அது பிழை. புள்ளி சுரத்தின் தலைக்கு மேலோ கீழோ இருந்தால்தான் ஸ்டக்காட்டோ. வலப்பக்கம் ஒட்டியிருந்தால் நேர்மாறாகச் சுரம் ஒன்றரை மடங்கு நீளும்.

5. முழு வரியையும் பாடி, போனை அறையின் மறு கோடியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். 3ஆம் பாரின் முதல் தட்டைக் கேளுங்கள். அங்கேயே 4ஆம் பாரின் அளவுக்குச் சத்தம் இருந்தால், இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.