ட்ரோன் அதிர்வு: ப்ரொப்பெல்லரில் தொடங்குவதே முதல் தவறு

அதிர்வு என்றதும் பலரும் நேராக ப்ரொப்பெல்லரை பேலன்ஸ் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மோட்டார். பேரிங் தேய்ந்திருந்தால் மேலே எவ்வளவு நுணுக்கமாக பேலன்ஸ் செய்தாலும் பயனில்லை.

ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு மோட்டாரையும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சம இடைவெளியில் தட்டுப்படுவது காந்தத்தின் இழுப்பு. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். மணல் அரைபடுவது போன்ற ஒழுங்கற்ற கரகரப்புதான் பேரிங் பழுதின் அடையாளம். மோட்டார் மூடியைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மற்ற மோட்டார்களைவிட அதிகம் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. சுற்றும்போது தண்டின் நுனி வட்டமடித்தால் தண்டு வளைந்திருக்கிறது. அதற்கு பேரிங் மாற்றித் தீர்வு கிடைக்காது.

கரகரக்கும் பேரிங்கில் துரு நீக்கும் ஸ்ப்ரே அடிப்பது பரவலான பழக்கம். சத்தம் சிறிது நேரம் அடங்கும், ஆனால் உள்ளிருக்கும் கிரீஸும் கரைந்து போகும். மாற்றிவிடுவதே சரி. பேரிங்கில் பொறித்துள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: 693ZZ என்றால் உள்விட்டம் 3 மி.மீ., வெளிவிட்டம் 8 மி.மீ., தடிமன் 4 மி.மீ.

இனி ப்ரொப்பெல்லர். ஒரு கணக்கு: 10 அங்குல ப்ரொப்பெல்லரில் மையத்திலிருந்து 60 மி.மீ. தள்ளி 0.05 கிராம் கூடுதலாக இருக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் அது ஏறத்தாழ 1.2 நியூட்டன் விசையால், அதாவது 120 கிராம் எடையளவுக்கு, மோட்டாரை நொடிக்கு 100 முறை ஆட்டும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு.

பேலன்சரில் வைத்ததும் கீழே இறங்கும் இதழ்தான் கனமானது என்று உடனே முடிவு செய்யாதீர்கள். ப்ரொப்பெல்லரைப் பேலன்சரின் தண்டில் அரைச்சுற்று திருப்பிப் பொருத்தி மறுபடி பாருங்கள். மறு இதழ் இறங்கினால் கோளாறு பேலன்சரில். அதே இதழ் இறங்கினால், இலேசான இதழின் அடிப்பக்கம் செல்லோடேப் துண்டு ஒட்டுங்கள், அல்லது கனமான இதழின் அடிப்பரப்பை உப்புத்தாளால் தேயுங்கள். முன்விளிம்பைத் தொடக் கூடாது. அதன் வடிவம் கெட்டால் இரு இதழ்களும் ஒரே மாதிரி தூக்காது.

இதழ்கள் கிடைமட்டமாக நின்றதும் வேலை முடிந்ததாக விட்டுவிடுவார்கள். செங்குத்தாகவும் நிறுத்திப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் நடுவிலுள்ள ஹப்பின் அந்தப் பக்கம் கனம். எதிர்ப்பக்கம் ஒரு துளி பசை வைத்து, காய்ந்த பின் மீண்டும் சோதியுங்கள்.

ட்ரோனை இயக்கும் மென்பொருள் ஆர்டுபைலட் என்றால் பறந்த பின் லாகில் `VIBE.VibeX`, `VibeY`, `VibeZ` பாருங்கள். 30 m/s² வரை பொதுவாகப் பரவாயில்லை. 60-ஐத் தாண்டினால் உயரத்தையோ இடத்தையோ பிடித்து நிற்பதில் பெரும்பாலும் சிக்கல் வரும். ட்ரோனின் எந்தக் கை அதிர்கிறது என்று தொட்டுக் கண்டுபிடித்திருந்தால், அந்த ப்ரொப்பெல்லரை அதே திசையில் சுழலும் இன்னொரு மோட்டாருக்கு மாற்றுங்கள். அதிர்வும் கூடவே போனால் ப்ரொப்பெல்லர். பழைய இடத்திலேயே இருந்தால் மோட்டார்.