கறுத்த முகத்தைச் சாம்பலாக்காமல் போனில் படம் எடுப்பது எப்படி

பொதுநிறமோ கறுப்போ, அப்படி ஒருவரைப் போனில் படம் எடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். முகம் இருண்டு கண்ணும் பல்லும் மட்டும் தெரியும், இல்லாவிட்டால் திருநீறு பூசிவிட்டது போல முகம் சாம்பல் பிடித்து நிற்கும். இருண்டால் எல்லோருக்கும் உடனே விளங்கிவிடும், சாம்பலானதைத்தான் "நல்ல வெளிச்சமா வந்திருக்கு" என்று சொல்லி வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் பதிவு அந்தச் சாம்பலைப் பற்றியது. வேறு கமரா தேவையில்லை, கையில் இருக்கிற போனே போதும்.

முதலில் ஏன் இப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம், இது விளங்கினால் பிறகு சொல்லப்போகிற படிகளைப் பாடமாக்கத் தேவையில்லை. கமராவுக்கு முன்னால் நிற்பது கறுத்த ஆளா, இருட்டில் நிற்கிற வெளுத்த ஆளா என்று அதற்குத் தெரியாது. வருகிற வெளிச்சத்தை அளந்து, படத்தை ஒரு நடுத்தரச் சாம்பல் அளவுக்கு இழுத்துக்கொண்டு வரும். தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் அட்டைதான் அந்த அளவுக்குப் பழைய கணக்கு. வெளுத்த தோல் இந்த அட்டையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சத்தைத் திருப்பும், அதனால் "முகத்தை அட்டையைவிட ஒரு படி கூட்டி எடு" என்பது படப்பிடிப்புப் பாடங்களில் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்த விதி. ஒரு படி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது. நம்மில் பலருடைய தோல் அந்த அட்டையின் அளவிலோ அதற்கு ஒரு படி கீழேயோ இருக்கும். வெளுத்த முகத்துக்கான விதியை அதற்குப் போட்டால் முகம் ஒரு படி, சில வேளை இரண்டு படி கூடிப்போகும். மண்ணிறமும் செம்மையும் கரைந்து சாம்பல் மட்டும் மிஞ்சுவது இதனால்தான்.

இது போனோடு வந்த வியாதியும் இல்லை. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும், அதில் வெளுத்த பெண் ஒருத்தி இருப்பாள், அந்த அட்டைக்கே ஷெர்லி அட்டை என்று பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுப்பும் பழுப்பும் ஒழுங்காகப் பிரிந்து வரவில்லை என்று சொக்லேட் கம்பனிகளும் மரத் தளபாடக் கம்பனிகளும் முறையிட்ட பிறகுதான் பிலிமில் அதைத் திருத்தத் தொடங்கினார்கள் என்பது அந்த நிறுவனத்தில் இருந்தவர்களே பின்னாளில் சொன்ன கதை. போன் பக்கத்தில், 2021இல் வந்த பிக்சல் 6இல்தான் கூகிள் கறுத்த தோலுக்கென்றே அளவுகளைத் திருத்தி அதை வெளிப்படையாக விளம்பரமும் செய்தது. மற்றப் போன்களும் முன்னேறித்தான் இருக்கின்றன, ஆனால் நம்மூர்க் கைகளில் இருக்கிற நடுத்தர விலைப் போன்களில் முகத்தைக் கண்டதும் தூக்கி வெளுப்பாக்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு உதாரணத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். சித்திரை வருடப்பிறப்பன்று மத்தியானம், நல்ல கறுத்த ஒரு மச்சான், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட், பின்னால் வெள்ளை அடித்த மதில். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியில் மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும், ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை அப்படி வரும். அந்த வெயிலில் முற்றத்தில் நிறுத்தி எடுத்தால் கண்குழி இரண்டும் கறுத்துப்போய், நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளக்கும். போதாததற்கு வேட்டியும் மதிலும் சேர்ந்து "இங்கே வெளிச்சம் கூடிவிட்டது" என்று போனை நம்பவைக்க, அது முழுப் படத்தையும் குறைக்க, முகம் இன்னும் இருளும். உடனே நாம் திரையில் முகத்தின் மேல் தட்டுவோம். போன் மறுபக்கம் பாயும், மதிலும் வேட்டியும் ஒரே வெள்ளைப் பாளமாகும், முகம் சாம்பலாகும். இரண்டு படமும் சரியில்லை.

படி 1: அழகூட்டியை நிறுத்துங்கள்

கமராவைத் திறந்து `Beauty` அல்லது அதைப் போன்ற பெயரில் இருப்பதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள், ஃபில்டரையும் எடுத்துவிடுங்கள். சில போன்களில் முன் கமராவில் இது நாம் கேட்காமலே போட்டபடி இருக்கும். இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே இடத்தில் நின்று முன் கமராவில் ஒன்று, பின் கமராவில் ஒன்று எடுங்கள். பிறகு முகத்தை மட்டும் பார்க்காமல் காதையும் கழுத்தையும் பாருங்கள். இது முகத்தைத் தேடிப்பிடித்து அதை மட்டும் வெளுப்பாக்கும், கழுத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறம் என்றால் அது இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

படி 2: ஆளை விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள்

இந்தப் படியில்தான் முக்கால்வாசி வேலை முடிகிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தோலில் விழுகிற வெளிச்சம் இரண்டு விதமாகத் திரும்பி வரும். ஒரு பகுதி தோலுக்குள் போய்ச் சிதறி அதன் நிறத்தோடு வெளியே வரும், கறுத்த தோலில் இது குறைவு. மற்றது தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிற பளபளப்பு, இது எந்த நிறத் தோலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். அப்படியென்றால் கறுத்த முகத்தில் கன்ன எலும்பையும் தாடையையும் மூக்கின் வளைவையும் காட்டித்தருவது பெரும்பாலும் அந்தப் பளபளப்பே. அது எப்படி விழுகிறது என்பது வெளிச்சம் வருகிற இடம் எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. போனின் ஃபிளாஷ் சின்னப் புள்ளி, அதனால் நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டை வைத்துவிட்டு மற்ற இடத்தை இருட்டில் விட்டுவிடும். உச்சி வெயிலும் அதே மாதிரித்தான். முற்றம் முழுவதும் வெயில் விழுந்து அந்த வெளிச்சம் விறாந்தைக்குள் வரும்போது அது அகலமான, மெதுவான வெளிச்சம், அது கன்னத்தில் நீளமாகப் பரவும். பளபளப்பை மறைக்கப் பவுடர் அப்புவது நம்மூர் வழக்கம், தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம், சாம்பலுக்கு மேல் சாம்பலாகத்தான் போகும். கூடுதலாக வியர்த்திருந்தால் லேஞ்சியால் ஒற்றி எடுத்தால் போதும்.

ஆகவே மச்சானை விறாந்தை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, வெயில் நேரே படாமல் நிறுத்துங்கள். முற்றத்தை நேரே பார்க்கவிடாமல் உடம்பைக் கொஞ்சம் திருப்பி, ஒரு கன்னத்தில் வெளிச்சம் கூடவும் மற்றதில் குறையவும் விடுங்கள். பின்னால் வெள்ளை மதிலுக்குப் பதிலாக மரக் கதவோ வீட்டின் உட்பக்க நிழலோ வரட்டும், அப்போது போன் ஏமாறுவது பாதியாகக் குறையும். பச்சைப் பெயின்ற் அடித்த சுவர் கிட்ட இருந்தால் விலகி நில்லுங்கள், அந்தப் பச்சை கன்னத்தில் விழும். வேப்பமர நிழலும் அப்படித்தான், அதோடு இலை இடுக்கால் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுகிற தொல்லை வேறு.

படி 3: வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுக் குறையுங்கள்

திரையில் தெரிகிற முகத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் `AE/AF LOCK` என்று மேலே வரும், அன்ட்ரொய்ட் போன்கள் பலவற்றில் பூட்டுப் படம் வரும். இப்போது முகம் தேவைக்கு மேல் வெளுத்துத்தான் தெரியும், பக்கத்தில் வருகிற சூரியன் படத்தை மெதுவாகக் கீழே இழுங்கள். எங்கே நிறுத்துவது? திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆளின் கையையும் பாருங்கள். முகத்தின் வெளிச்சக் கன்னத்தில் நிறம் திரும்பி வரவேண்டும், பளபளப்பு வெள்ளையாக வெடிக்காமல் இருக்கவேண்டும், வேட்டி மடிப்பு தெரியவேண்டும். எண்ணில் காட்டுகிற போன் என்றால் அனேகமாக -0.3க்கும் -0.7க்கும் நடுவில் வரும். அதற்கும் கீழே இழுத்துவிட்டுப் "பிறகு எடிற்றில் தூக்கலாம்" என்று நினைக்கவேண்டாம். இருட்டான இடத்தில்தான் போன் படத்தில் பொரி பொரியாக வரும், அதை மறைக்கப் போன் தானே தேய்க்கும், அந்தத் தேய்ப்பில் தாடியும் தோலின் நுணுக்கமும் மெழுகாகிவிடும்.

படி 4: நிறத்தைப் பாருங்கள்

முகம் படத்தை நிறைத்துக்கொண்டிருக்கும்போது போன் அந்த மண்ணிறத்தையே மஞ்சள் வெளிச்சம் என்று நினைத்து, சரிப்படுத்துகிறேன் என்று நீலத்தைக் கலந்துவிடக்கூடும். கமராவில் `Pro` முறை இருந்தால், வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்கிற `WB`ஐத் தானியங்கியிலிருந்து எடுத்து விறாந்தை நிழலுக்கு 6000இலிருந்து 6500 வரை வைத்துப் பாருங்கள், நேரடி வெளிச்சத்துக்கு 5200 போல. `Pro` இல்லாவிட்டால் எடுத்த பிறகு எடிற்றில் `Warmth`ஐச் சற்றுக் கூட்டினால் போதும். சரியா என்று பார்க்க முகத்தை விட்டுவிட்டு வேட்டியைப் பாருங்கள், வேட்டி நீலமடித்தால் முகமும் நீலமடித்திருக்கும்.

இனி, ஒரே படத்தில் கறுத்தவரும் வெளுத்தவரும் சேர்ந்து நிற்கும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள், கலியாண வீட்டில் இது தப்பாத பிரச்சினை. எடிற்றில் ஒருவரை மட்டும் தூக்கப்போனால் ஒட்டுப்போட்டது தெரியும். அதைவிட, கறுத்தவரை விறாந்தை விளிம்புப் பக்கமும் வெளுத்தவரை உட்பக்கமும் நிறுத்துங்கள். விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக வெளிச்சம் விறுவிறென்று குறையும், ஓரடி மாற்றி நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும். பூட்டுகிறபோது வெளுத்தவரின் முகத்தில் பூட்டுங்கள், அதுதான் முதலில் வெடிக்கும். வெயிலில் மேடை போட்டு எல்லோரையும் வரிசையாக நிறுத்தியாயிற்று என்றால் இந்த வித்தை பலிக்காது, அங்கே பந்தலுக்குக் கீழே கூப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கடைசியாக, அல்பத்துக்குப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுக்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள்: "அண்ணா, முகத்தை வெளுப்பாக்க வேண்டாம், இருக்கிற மாதிரியே அடிச்சுத் தாங்கோ." சொல்லாவிட்டால் ஆக்கிவிடுவார்கள், அதை அவர்கள் உபகாரமாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஒரு சின்னப் பிரதியை முதலில் அடித்து வாங்கி, வெளியே நிழலில் பிடித்து, மச்சானின் கையை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன் திரை தானே ஒளிர்வதால் படம் அதில் எப்போதும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், தாளில் அதைவிட ஒரு பொட்டு இருட்டாகத்தான் வரும். கையும் முகமும் ஒத்துவராவிட்டால் வெளிச்சத்தை ஒரு கோடு கூட்டியோ குறைத்தோ இன்னொரு பிரதி அடிப்பித்துவிட்டு, அதற்குப் பிறகு முழு அல்பத்துக்கும் காசைக் கட்டுங்கள்.