காற்றுவிசைக் கணக்கில் ஒளிந்திருந்த 5% தணிப்பு: என் அனுபவம்

180 மீட்டர் உயரக் கான்கிரீட் கட்டடம் ஒன்றின் காற்றுக் கணக்கு சரிபார்க்க என்னிடம் வந்தது. காற்றின் ஏற்ற இறக்கத்தால் சராசரி விசை எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் கஸ்ட் ஃபேக்டர், அதாவது G, 1.82. தப்பென்று சொல்ல முடியாத எண்தான். ஆனால் உச்சி மாடியின் முடுக்கம் இவ்வளவு உயரத்துக்கு நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தது. அதுதான் உறுத்தியது.

சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன்:

```
G = 1 + g·r·√(B + R)
R = S·E/ζ
```

B என்பது காற்றின் மெதுவான ஏற்ற இறக்கம். R என்பது கட்டடம் தன் சொந்த அதிர்வெண்ணில் ஆடுவதால் கூடும் பங்கு. ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று காட்டும் தணிப்பு விகிதமான ζ, R-இல் மட்டுமே வருகிறது. அங்கே 0.05 இருந்தது, நிலநடுக்கக் கணக்கிலிருந்து அப்படியே வந்த எண். நிலநடுக்கத்தில் கான்கிரீட் விரிசல் விட்டு ஆற்றலை உறிஞ்சும். காற்றில் அவ்வளவு சேதம் இருக்காது, அதனால் தணிப்பும் குறைவு. வலிமைக் கணக்குக்கு 0.015 வைத்தேன்.

இந்தக் கட்டடத்தில் காற்றின் கொந்தளிப்பைக் காட்டும் g·r = 0.9, B = 0.6, கட்டடத்தின் அளவையும் அதன் அதிர்வெண்ணில் காற்றுக்குள்ள ஆற்றலையும் காட்டும் S·E = 0.012. R 0.24-லிருந்து 0.8 ஆனது, G 2.06-க்கு ஏறியது. விசையில் 13% கூடுதல்தான். முடுக்கமோ R-ஐ மட்டுமே நம்பியது, √R-க்கு ஏற்ப மாறும். ஆட்டத்தால் உள்ளே இருப்பவர்களுக்குச் சங்கடம் வருமா என்று பார்க்கும் வசதிக் கணக்குக்கு ζ = 0.01 வைத்ததும், அதே காற்றுக்கு √5, அதாவது 2.24 மடங்கானது. அதனால் தணிப்பில் சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது முடுக்கத்தைத்தான்.

இதெல்லாம் காற்று வீசும் திசைக்கு மட்டும். சுழல்கள் பிரிவதால் வரும் குறுக்கு ஆட்டத்தை இந்த G காட்டாது; அதைத் தனியாகக் கணக்கிட்டேன்.