நெடுநடைக்குப் பிறகான இரண்டு நாட்கள்: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

வைகாசிப் பொங்கலுக்குப் பரந்தனில் இருந்து வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து போனவர் வீடு திரும்பிப் படலையைத் திறந்தால், எங்கள் ஊரில் முதலில் நீட்டப்படுவது ஒரு செம்பு தண்ணீர். அவர் குடித்து முடித்ததும் அடுத்த செம்பு வரும். மரதன் ஓடிவிட்டு வரும் பிள்ளைக்கும் இதே உபசாரம்தான். அந்த அன்பில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வெறும் தண்ணீரை அளவில்லாமல் கொடுப்பதுதான் முதல் இரவில் நாம் செய்யும் மிகப் பெரிய தவறு. அதன் விளைவை என் சித்தியிடம் நேரில் பார்த்திருக்கிறேன்.

சித்தி விரதத்தோடு நடந்தவர். வழியில் இருந்த தண்ணீர்ப் பந்தல் ஒன்றையும் விடாமல் ஒவ்வொன்றிலும் குடித்திருக்கிறார். உப்புச் சேர்ந்த எதுவும் வாயில் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் தலை இடிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார். வெயில் குடித்துவிட்டது, உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். மூன்றாவது செம்பை நீட்டியவன் நானே. அவருடைய விரல்கள் வீங்கி மோதிரம் தோலுக்குள் புதைந்து கிடந்ததை அப்போது கண்டேன், ஆனால் அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை. நீர் வற்றியவரின் விரல் அப்படி வீங்காது. ஒரு மணி நேரத்தில் கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொல்லத் தொடங்கினார். வைத்தியசாலையில் குருதியைச் சோதித்தபோது, உப்பில் இருக்கும் சோடியம் 124 என்று வந்தது. இயல்பாக அது 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். வியர்வையோடு நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன. ஒரு லீற்றர் வியர்வையில் ஏறத்தாழ இரண்டு கிராம் உப்புப் போகிறது. சிலருக்கு இதைவிட அதிகம். சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடு படிந்தால் அவர் அந்த வகை. இழந்த இரண்டில் நீரை மட்டும் திருப்பிக் கொடுத்தால் குருதியில் எஞ்சிய உப்பு மேலும் நீர்த்துப் போகும். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நீண்ட உழைப்புக்குப் பிறகு, சிறுநீரை அடக்கி நீரைச் சேமிக்கச் சொல்லும் ஓமோன் சில மணி நேரம் உடம்பில் உயர்ந்தே இருக்கும். அதனால் மிஞ்சிய தண்ணீர் உடனே வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கடைசியில் மூளையையும் வீங்க வைக்கிறது. 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் ஓடி முடித்த 488 பேரின் குருதியைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்தவர்களுமே அதில் அதிகம் அகப்பட்டார்கள். மெதுவாக நடப்பவருக்கு வியர்வை குறைவு, குடிக்கக் கிடைக்கும் நேரமோ அதிகம். பாதயாத்திரை போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு குடிப்பது? எடைதான் இதற்குச் சரியான வழிகாட்டி. அதே நடைக்குப் போன என் அக்காவின் மகனை, நெல் நிறுக்கும் தராசில் போகும்போதும் வந்தபோதும் ஏற்றி இறக்கினோம். புறப்படும்போது 62 கிலோ, திரும்பும்போது 60.2 கிலோ. குறைந்தது 1.8 கிலோ. ஒரு கிலோ குறைவுக்கு ஒன்றரை லீற்றர் வரை என்பது பொதுவான கணக்கு. குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும் என்பதால்தான் அந்த அரை லீற்றர் கூடுதல். அதன்படி அவனுக்கு 2.7 லீற்றர் வரும். ஆனால் குறைந்த எடை முழுவதும் நீரல்ல, எரிந்துபோன மாச்சத்தும் கொழுப்பும் அதில் அடங்கும். ஆகவே இரண்டு முதல் இரண்டரை லீற்றர் என்று வைத்து, மாலை நான்கு மணியில் இருந்து படுக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். சித்தியையும் அன்று தராசில் ஏற்றியிருந்தால், புறப்பட்டபோது இருந்ததைவிடக் கூடிய எடையைக் கண்டிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். எடை குறையாதவருக்கோ கூடியவருக்கோ மேலும் தண்ணீர் கொடுக்கக் கூடாது. தராசு இல்லாத வீட்டில் தாகத்தையும் சிறுநீரையும் பார்த்துக்கொள்ளலாம். முதல் சில மணி நேரம் சிறுநீர் கடும் மஞ்சளாக வருவது இயல்பு. அது வெளிறியபின் வலிந்து குடிக்க வேண்டியதில்லை.

அடுத்த தவறு இளநீரை நம்பி உப்பை மறப்பது. இளநீர் நல்லது, நானும் முதலில் அதைத்தான் வெட்டுவேன். ஆனால் அதில் நிறைந்திருப்பது பொட்டாசியம். வியர்வையில் பெரிதாகப் போவது சோடியம், இளநீரில் அது சொற்பம். எங்கள் வீட்டில் இப்போது அந்த இடத்தை உப்புக் கஞ்சி எடுத்துக்கொள்கிறது. ஒரு கை சிவப்புப் பச்சையரிசியும் அரைக் கை வறுத்த பயறும் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் கொஞ்சம் விட்டு, ஒரு லீற்றர் கஞ்சிக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்புப் போடுகிறோம். குடிக்கும்போது தேசிக்காய் பிழிந்தால் வாய் கேட்கும். கஞ்சி காய்ச்ச ஆள் இல்லாவிட்டால் பாமசியில் கிடைக்கும் ஜீவனியைப் பொதியில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். குறைந்த தண்ணீரில் கெட்டியாகக் கரைத்தால் அதுவே வயிற்றைக் கலக்கும். உயர் குருதி அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த உப்புக் கணக்கை வைத்தியரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

மூன்றாவது தவறு பசி வரும்வரை காத்திருப்பது. நெடுந்தூரம் ஓடியவருக்கும் நடந்தவருக்கும் முதல் சில மணி நேரம் பசி வராது. சோற்றைக் கண்டாலே குமட்டும். "பசிக்கவில்லை, படுக்கப் போகிறேன்" என்று பிளேன்ரீ ஒன்றோடு படுத்துவிடுவார்கள். தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த மாச்சத்து ஏறத்தாழ தீர்ந்துபோயிருக்கும் நேரம் அது. காலையில் கை நடுங்குவதற்கும் தலை சுற்றுவதற்கும் இதுவும் ஒரு காரணம். வயிறு சோற்றை ஏற்காவிட்டால் முதல் மணி நேரத்தில் இரண்டு கதலி வாழைப்பழமும் ஒரு துண்டு பனங்கட்டியும் ஒரு கோப்பை கஞ்சியும் போதும். இரண்டு மணி நேரம் கழித்து இடியப்பமும் சொதியும் இறங்கும். இரவு படுக்குமுன் சோறும் பருப்பும் ஒரு துண்டு மீனும். புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் ஒவ்வொரு சாப்பாட்டிலும் இருபது கிராம் அளவுக்குப் பிரித்துக் கொடுத்தால் கிழிந்த தசைநார் நன்றாகத் திருந்தும். உள்ளங்கை அளவு மீன் துண்டு, அல்லது மூன்று முட்டை, அல்லது ஒரு கோப்பைக்குச் சற்று மேலான வெந்த பருப்பு அந்த அளவைத் தரும். சைவக்காரருக்குப் பருப்போடு எருமைத் தயிரும் சேர்த்தால் போதும்.

இரண்டாம் நாளைத்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். முதல் நாள் மாலை ஓடி ஓடிக் கவனித்தவர்கள், மறுநாள் "இனி வழமைக்குத் திரும்பிவிட்டான்" என்று விட்டுவிடுகிறார்கள். தசை வலி உச்சத்துக்கு வருவதே ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள். அடிபட்ட தசை மாச்சத்தை மெதுவாகவே திரும்பச் சேமிக்கும். மரதனுக்குப் பிறகு அது நிரம்ப இரண்டு நாளும் போதாது. பசியும் அன்றுதான் திரும்பி வருகிறது. அறுபது கிலோ உள்ளவருக்கு அன்று நானூறு கிராமுக்குக் குறையாத மாச்சத்து வேண்டும். ஒரு கோப்பை சோற்றில் 45 கிராம் இருக்கிறது என்றால், மூன்று வேளையும் வயிறு நிறையச் சோறு, இடையில் மரவள்ளிக்கிழங்கு அல்லது பாண், பழங்கள் என்று அது கூடிவரும். அக்காவின் மகனுக்கு இரண்டாம் நாள் காலை உழுத்தங்களி கிண்டிக் கொடுத்தோம். உழுத்தம்மாவும் அரிசிமாவும் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்தக் களியை, பெரிய பிள்ளையான பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருப்பது வீண். மாச்சத்தும் புரதமும் ஒன்றாக இருக்கும் அதுபோன்ற உணவு எங்கள் அடுப்பில் வேறில்லை. அந்த நாளில் கள்ளோ பியரோ வேண்டாம். திரும்பச் சேர்த்த நீரை அது சிறுநீராக இறக்கிவிடும், தசை திருந்துவதையும் பிந்தவைக்கும்.

இனி வலி மாத்திரை. முழங்கால் மடக்க முடியாமல் இருப்பவர் கடையில் டைக்குளோபினாக் அல்லது ஐபியூபுரோபன் வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் படுக்கிறார். நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகம் தன் குருதி ஓட்டத்தைக் காக்க ஒரு பொருளைச் சுரக்கிறது. இந்த மாத்திரைகள் தடுப்பது அந்தச் சுரப்பையே. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் பரவியிருக்க, நாங்கள் இதை இலேசாக எடுக்க முடியாது. வலி தாங்க முடியாவிட்டால் உணவுக்குப் பிறகு பரசிற்றமோல் 500 மில்லிகிராம் ஒன்றோ இரண்டோ போதும்.

வீட்டில் பார்த்துக்கொள்வதற்கும் எல்லை உண்டு. தலையிடியும் வாந்தியும் பேச்சுக் குழப்பமும் சேர்ந்தால் தண்ணீர் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், அவர் எத்தனை லீற்றர் குடித்தார் என்பதையும் அங்கே சொல்ல வேண்டும். அந்தத் தகவல் இல்லாவிட்டால் அங்கும் நீர் வற்றியவர் என்றே நினைத்துச் சேலைன் ஏற்றத் தொடங்கலாம். சிறுநீர் கோலா நிறத்தில் வந்தாலோ, எட்டு மணி நேரம் வராமலே போனாலோ, தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கின்றனவோ என்று சந்தேகித்து அப்போதும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் அதை நடையின் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். அண்மையில் வயல் சேற்றில் இறங்கியவராயின் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், குருதிப் பரிசோதனை செய்துவிடுங்கள். சித்திக்கு ஐந்தாம் நாள் மோதிரம் கழன்று வந்தது. அடுத்த பொங்கலுக்கும் நடந்தார்; முந்தானையில் முடிந்த உப்பும், ஒரு போத்தல் கஞ்சியும் கொண்டு.