வெள்ள நிவாரண வசூலுக்கு தெருக்கூட்டத்துல பேசுறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழையில ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டி, ஏரித்தண்ணி ரோட்டுக்கு வந்து நின்ன வண்டியெல்லாம் அடிச்சுட்டு போச்சு இல்லையா, அப்போ கிருஷ்ணகிரியில எங்க தெரு மாரியம்மன் கோயில் முன்னாடி கூட்டம் போட்டு வசூல் ஆரம்பிச்சோம். மைக் புடிச்சது நான்தான்.

முதல் தப்பு, பத்து நிமிஷம் மழைக்கதையே பேசிட்டு கடைசியில "உங்களால முடிஞ்சத குடுங்க"ன்னு முடிச்சேன். மறுநாள் வந்தது பதினொரு மூட்டை பழைய துணி. கிழிஞ்ச சேலை, ஜிப் போன பேண்ட், பாதி ஈர வாடை, பிரிக்கவே ரெண்டு நாள் ஆச்சு, அங்க கேட்டதோ பாய், போர்வை, நாப்கின். அதனால கூட்டத்துக்கு முன்னாடியே அந்த ஊர்ல ஒருத்தருக்கு போன் போட்டு கேட்டுட்டு, பேச்ச ஆரம்பிக்கிறப்பவே கணக்கா சொல்லிடுங்க: "நாப்பது குடும்பம். வீட்டுக்கு அஞ்சு கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு பாய், ரெண்டு போர்வை. அரிசி மட்டும் 200 கிலோ வேணும். டெம்போ நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு கிளம்புது. பழைய துணி வேண்டாம்." அந்த ஆறு மணியே போதும், குரல் உயர்த்தி அவசரம் காட்ட வேண்டியதில்ல.

ரெண்டாவது தப்புதான் எனக்கு இன்னும் உறுத்துது. "பாவம், சோத்துக்கே வழியில்லாம நிக்கிறாங்க"ன்னு சொல்லிட்டேன், அந்த ஊர்ல பொறந்து எங்க தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த அக்கா ஒருத்தங்க முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. கூட்டம் முடிஞ்சதும் வந்து, "தம்பி, எங்கப்பா போன வாரம் வரைக்கும் பத்து பேருக்கு கூலி குடுத்தவரு, அவர போய் மைக்குல இப்படி சொல்லிட்டியே"ன்னாங்க. எனக்கு பதில் வரல. ஆளுங்க நிலைமைய வர்ணிக்காம நடந்தத மட்டும் சொல்லுங்க: "வீட்டுக்குள்ள தண்ணி பூந்து அரிசி, பாய் எல்லாம் நனைஞ்சு போச்சு, மறுபடி அடுப்பு பத்த வெக்கிற வரைக்கும் நாம கூட நிக்கணும்." பொருள் குடுக்கறப்போ வாங்குறவங்கள போட்டோ எடுக்க மாட்டோம்னும் அங்கயே சொல்லிடுங்க, ஏன்னா போறவங்க கையில எல்லாம் செல்போன் இருக்கும்.

இன்னொன்னு, மொய் மாதிரி பேர், தொகை வாசிக்கிறது. ஐயாயிரம்னு ஒரு பேர் வாசிச்சதும், அம்பது ரூபா வெச்சிருந்த பாட்டி நோட்ட முந்தானையில திரும்ப முடிஞ்சுகிட்டாங்க. மைக்குல மொத்தத்த மட்டும் சொன்னா போதும். பணம் வாங்க ஒருத்தர், நோட்டுல எழுத இன்னொருத்தர், ரெண்டு பேரும் ஒரே வீடா இருக்கக்கூடாது, ஞாயித்துக்கிழமை இதே இடத்துல பில்லோட கணக்கு வாசிப்போம்னு பேச்சிலயே சொல்லிடணும்.

நன்றி சொல்லி கூட்டத்த கலைய விட்டுடாதீங்க, வீட்டுக்கு போனா பாதிப்பேர் மறந்துடுவாங்க. பேசி முடிக்கிறப்போ டேபிள், நோட்டு, பேனா ரெடியா இருக்கணும், முதல் அரிசி மூட்டைய நீங்களே கொண்டாந்து பக்கத்துல வெச்சுட்டு மைக்க எடுங்க.