மேசை மேல் சரி, வீடு பின்னால் தவறு: இடமும் நேரமும் கற்பிப்பதில் நேரும் பிழைகள்

மொரீசியஸ் தொடக்கப் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளை வீட்டில் பேசுவது கிரியோல். அதில் 'லோர்', 'திவான்', 'தெரியேர்' எல்லாம் பெயருக்கு முன்னே வரும். தமிழில் 'மேல்', 'முன்னால்', 'பின்னால்' பெயருக்குப் பின்னே வரும். 'மேல் மேசை' என்று பிள்ளை சொன்னால் எந்த ஆசிரியரும் உடனே திருத்திவிடுவார், இரண்டு வாரத்தில் அது போய்விடும். புதிதாக வரும் ஆசிரியர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது வேறு பிழைகளை.

மேசையிலேயே தொடங்கி மேசையிலேயே முடிப்பது

முதல் பாடம் எப்போதும் மேசையும் பந்தும்தான். 'மேசை மேல் பந்து', 'மேசை கீழ் பந்து' என்று பிள்ளைகள் கூவுவார்கள், ஆசிரியருக்கும் திருப்தி. சிக்கல் என்னவென்றால், 'மேசை' எல்லாவற்றையும் மன்னிக்கும் சொல். உருபு இல்லாமல் 'மேசை மேல்' என்றாலும் தமிழ்தான். அதனால் பிள்ளை மனத்தில் ஒரு விதி உட்கார்ந்துவிடுகிறது: பெயரைச் சொல், பக்கத்தில் 'மேல்' போன்ற ஒரு சொல்லை வை, வேலை முடிந்தது. அடுத்து 'வீடு பின்னால்', 'பாலம் பின்னால்', 'பள்ளி இருந்து' என்று வரும்.

இது ஓராண்டு வரைகூட வெளியே தெரியாது. பயிற்சித்தாளில் 'வீட்டுக்குப் ______' என்று உருபை நாமே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளை 'பின்னால்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்கிறது. கட்டுரை எழுதச் சொல்லும் நாளில்தான் குட்டு உடைகிறது. அதற்குள் அந்த விதி ஊறிப்போயிருக்கும். எரிச்சல் பிள்ளைமேல் இல்லை, 'மேல்', 'பின்னால்', 'இருந்து' என்று தனிச் சொற்களாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டும் அட்டைகள்மேல்தான்.

அட்டையிலேயே உருபைச் சேர்த்து எழுதுங்கள்: '-க்குப் பின்னால்', '-இலிருந்து', '-க்கும் … -க்கும் நடுவில்'. பெயர் அட்டைகள் ஆறு போதும்: வீடு, பாலம், ஆறு, மரம், கடை, பள்ளி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். முன்பக்கம் 'வீடு', பின்பக்கம் 'வீட்டு'. பாலத்துக்குப் 'பாலத்து', ஆற்றுக்கு 'ஆற்று', மரத்துக்கு 'மரத்து'. கடைக்கும் பள்ளிக்கும் இரு பக்கமும் ஒன்றே. உருபு அட்டை பக்கத்தில் வந்ததும் பெயர் அட்டை திரும்பியாக வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. வீட்டு, க்குப் பின்னால்: வீட்டுக்குப் பின்னால். 'வீட்டு' என்பதோடு 'இலிருந்து' சேரும்போது உகரம் போய் 'வீட்டிலிருந்து' ஆவதை வாயால் சொல்லிக் காட்டினால் போதும், விளக்க வேண்டாம்.

பிறகு அந்த ஆறு இடங்களையும் ஒரு சார்ட் தாளில் வரைந்து, ஒரு பொம்மைப் பேருந்தை ஓட்டச் சொல்லுங்கள். 'பள்ளியிலிருந்து புறப்படு, ஆற்றுக்கும் கடைக்கும் நடுவில் நிறுத்து.' நன்றாகப் போகிறதா? ஏழாவதாக, அட்டையில் இல்லாத 'குளம்' ஒன்றைப் படத்தில் வரையுங்கள். பிள்ளை தானாகக் 'குளத்துக்குப் பின்னால்' என்றால் வந்துவிட்டது. 'குளம் பின்னால்' என்றால் ஆறு தொடர்களை மனப்பாடம் செய்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

வரைபடத்தில் மேல், கீழ் கேட்பது

சுவரில் தீவின் படம். போர்ட் லூயிஸ் தாளின் மேற்பகுதியில், கியூர்பிப் அதற்குக் கீழே. ஆனால் கியூர்பிப் கடல்மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருப்பது, பேருந்தில் ஏறிப்போன பிள்ளைக்குத் தெரியும். 'கியூர்பிப் மேலே இருக்கிறது' என்று அது சொன்னால் தவறு யாருடையது? மேல், கீழ் இரண்டையும் வகுப்பறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் 'நடுவில்', 'பக்கத்தில்', 'தாண்டி', 'வழியாக' மட்டும் கேளுங்கள். மெட்ரோ தடம் இதற்கென்றே போட்டதுபோல் இருக்கும்: காத்ர் போர்ன் எங்கே? ரோஸ் ஹில்லுக்கும் பீனிக்ஸுக்கும் நடுவில்.

'முன்' ஒன்றா, இரண்டா?

கிரியோலில் நேரத்துக்கு 'அவான்', இடத்துக்கு 'திவான்'. தமிழில் இரண்டுக்கும் 'முன்'. அன்றாட வேலைகளின் படங்களைக் காட்டி, 'பள்ளிக்கு முன் என்ன?' என்று கேட்டால், பல் துலக்குவதைச் சொல்ல வேண்டிய பிள்ளை 'மரம்' என்று சொல்லும். அதன் பதிலும் சரிதானே! முதல் பருவத்தில் நேரத்துக்குச் 'செல்வதற்கு முன்', 'சாப்பிட்ட பின்' என்று வினையோடு மட்டும் கேளுங்கள். இடத்துக்கு 'முன்னால்', 'பின்னால்'. பெரியவர்கள் 'இரண்டு நாளுக்கு முன்னால்' என்றும் பேசுகிறோம். அதை அடுத்த ஆண்டு சொல்லிக்கொள்ளலாம்.

ஏழு மணியில்

பிள்ளை இப்படிச் சொன்னால் 'ஏழு மணிக்கு' என்று திருத்துங்கள். மணிக்குக் 'கு', காலை மாலைக்கு 'இல்', கிழமைக்கு ஒன்றும் வேண்டாம்.

பாட்டிக்குப் போகிறேன்

பாட்டி வீட்டுக்கு, பாட்டியிடம் என்ற பொருளில் வரும் கிரியோலின் 'கோட் கிரான்மேர்' செய்யும் வேலை இது. 'பாட்டி வீட்டுக்கு' என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளை 'பாட்டியில்' என்று சொன்னால் மட்டும் 'பாட்டியிடம்' பக்கம் போங்கள், அதற்கு முன் வேண்டாம்.